விரலுக்கு எட்டாத சூடு

அலுமினியத் தகட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது, ஆனால் ஒரு விநாடி தாங்க முடிந்தது. அறுபது டிகிரி இருக்கும் என்று கணக்குப் போட்டுத் திருப்தியோடு பெட்டியை மூடினேன். நானே கட்டிய பவர் சப்ளை அது. வெளியே 13.8 வோல்ட், மூன்று ஆம்பியர். மேசை மேல் இரண்டு நிமிடம் முழுச் சுமையில் ஓடி, தேர்வில் தேறியிருந்தது. பெட்டிக்குள் அடைத்து மறுபடி ஓட்டியபோது அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. டிரான்சிஸ்டரின் கலெக்டரும் எமிட்டரும் உள்ளே ஒன்றாக உருகிப் போய், 13.8 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 24 வோல்ட் வந்து நின்றது. அதில் மாட்டியிருந்த ரேடியோவும் கூடவே போனது.

பிறகு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. என் விரல் அறுபது டிகிரி என்று சொன்ன அதே நேரத்தில், அந்த விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி இருந்த சிலிக்கன் சில்லு நூற்றுநாற்பது டிகிரியில் இருந்திருக்கிறது.

அந்த டிரான்சிஸ்டரின் பெயர் 2N3055. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்தது, இன்றும் பல நிறுவனங்கள் செய்கின்றன. சப்பையான எஃகுத் தொப்பி மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் திருகு ஓட்டை. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்த எவரும் இதைக் கையில் எடுக்காமல் இருந்திருக்க முடியாது. தொப்பி பெரிதாக இருந்தாலும் வேலை செய்வது உள்ளே அடியில் ஒட்டியிருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிலிக்கன் சில்லுதான். மின்சாரம் வெப்பமாக மாறுவது அங்கே, ஜங்ஷன் என்று சொல்லப்படும் இடத்தில். டேட்டாஷீட்டில் இரண்டு வரிகள் கண்ணில் படும். ஜங்ஷன் 200 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று, 115 வாட் வரை தாங்கும் என்பது இன்னொன்று. என்னைக் கவிழ்த்தது இந்த இரண்டாவது வரி. என் சப்ளையில் உள்ளே 24 வோல்ட் வருகிறது, வெளியே 13.8 போகிறது. மீதிப் பத்து வோல்ட் டிரான்சிஸ்டரின் தலையில். மூன்று ஆம்பியரோடு பெருக்கினால் முப்பது வாட். 115 தாங்குவதற்கு முப்பது எந்த மூலை என்றுதான் நினைத்தேன்.

முப்பது வாட் என்பது முப்பது டிகிரி அல்ல. ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் விநாடிக்கு இவ்வளவு தண்ணீர் என்று வந்துகொண்டே இருக்கிறது. ஏரி மட்டம் எவ்வளவு ஏறும் என்பதை வரத்து மட்டும் தீர்மானிப்பதில்லை, வெளியேறும் மதகும் தீர்மானிக்கிறது. மதகு குறுகலாக இருந்தால், வருகிற அளவு போகத் தேவையான அழுத்தம் சேரும்வரை மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். வெப்பமும் அப்படித்தான். வாட் என்பது வரத்து, டிகிரி என்பது மட்டம், வெப்பத்தடை என்பது மதகின் குறுகல். ஒரு வாட் கடந்துபோக எத்தனை டிகிரி வித்தியாசம் தேவை என்பதுதான் வெப்பத்தடையின் அளவு. மின்சாரத்தில் ஓம் விதி படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. உண்மையில் நடந்தது தலைகீழாக. வெப்பம் உலோகத்தில் எப்படிப் பாய்கிறது என்று ஃபூரியே 1822-இல் எழுதியதை மாதிரியாக வைத்துத்தான் ஓம் 1827-இல் மின்சாரத்துக்குத் தன் விதியை எழுதினார். வெப்பக்காரர்கள் கடன் கொடுத்தவர்கள்.

ஜங்ஷனில் பிறக்கும் வெப்பம் அறைக் காற்றில் கலக்க மூன்று மதகுகளை வரிசையாகக் கடக்க வேண்டும். முதலாவது, சில்லிலிருந்து தொப்பியின் அடிப்பாகம் வரை. இது டிரான்சிஸ்டர் செய்தவர் கையில் இருப்பது, நாம் தொட முடியாது. 2N3055-க்கு வாட்டுக்கு 1.52 டிகிரி. மூன்றாவது, ஹீட்சிங்கிலிருந்து காற்றுக்கு. இதைத்தான் எல்லோரும் யோசிப்போம், பணமும் இதில்தான் செலவழியும். இரண்டுக்கும் நடுவே, தொப்பியிலிருந்து ஹீட்சிங்குக்குப் போகும் மதகு ஒன்று இருக்கிறது. அதை யாரும் மதிப்பதில்லை.

நடு மதகு எங்கிருந்து வந்தது? 2N3055-இன் தொப்பியே அதன் கலெக்டர். நேராக ஹீட்சிங்கில் திருகினால் ஹீட்சிங்க் முழுவதும் 24 வோல்ட் ஏறிவிடும், பெட்டியில் பட்டால் ஷார்ட். அதனால் இடையில் மைக்கா தாள் வைப்பார்கள். நம் பாட்டிகள் காக்காய்ப்பொன் என்று சொன்ன அதே பொருள்தான். மெல்லிய மைக்கா வெப்பத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது காற்று. தொப்பியின் அடிப்பாகமும் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேடு பள்ளமானவை. மைக்காவோடு அவை ஒட்டுவது சில புள்ளிகளில் மட்டுமே, மற்ற இடமெல்லாம் காற்று. வெப்பத்தைக் கடத்துவதில் காற்றைப் போல மோசமான பொருள் பட்டறையில் வேறு இல்லை. வெள்ளையாகக் கிடைக்கும் ஹீட்சிங்க் பேஸ்ட்டை மைக்காவின் இரு பக்கமும் மெல்லிசாகத் தடவுவது அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான். தடவினால் இந்த மதகு வாட்டுக்கு 0.4 டிகிரி அளவில் நிற்கும். தடவாவிட்டால் 1.2 வரை போகும். நான் தடவவில்லை. கை அழுக்காகும் என்று விட்டேன்.

இப்போது என் முதல் சப்ளையின் பிரேதப் பரிசோதனையைச் செய்து பார்க்கலாம். தகடு பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் கனம். இரு பக்கமும் சேர்த்து முந்நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பு. விசிறி இல்லாத காற்றில் இப்படிப்பட்ட தகடு வாட்டுக்குச் சுமார் மூன்று டிகிரி. மூன்றையும் கூட்டினால் 1.52, 1.2, 3, மொத்தம் 5.7. முப்பது வாட்டால் பெருக்கினால் 172 டிகிரி. அறைக் காற்று 32 டிகிரி என்றால் ஜங்ஷன் 204. மேசை மேல் திறந்து வைத்திருந்தாலே வரம்பைத் தாண்டியிருக்கும். மூடிய பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து காற்றை 55 டிகிரிக்கு ஏற்றினால் 227.

அப்படியானால் இரண்டு நிமிடச் சோதனையில் ஏன் பிழைத்தது? சில்லு கையளவுகூட இல்லாத சிறு பொருள். அதற்குள்ளான வெப்பநிலை வித்தியாசம் ஒரு விநாடிக்குள் உருவாகிவிடும். முதல் இரண்டு மதகுகளிலும் சேர்ந்து 82 டிகிரி, சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்திலேயே வந்தாயிற்று. தகடு அப்படியல்ல. அது நூற்றுஇருபது கிராம் அலுமினியம். ஒரு டிகிரி ஏற 110 ஜூல் வேண்டும். முழுச் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை எட்டவே ஐந்தரை நிமிடம் ஆகும், ஏறக்குறைய முழுசாக எட்டக் கால்மணி நேரத்துக்கு மேல். இரண்டு நிமிடத்தில் தகடு ஏறியது 28 டிகிரிதான். அறையின் 32-உடன் சேர்ந்து அறுபது. என் விரல் பொய் சொல்லவில்லை. அது தொட்டது மூன்றாவது மதகை, அதுவும் நிரம்பாத நேரத்தில்.

115 வாட் என்ற எண்ணின் கதையும் இப்போது விளங்கும். 200-இலிருந்து 25-ஐக் கழித்தால் 175. அதை 1.52-ஆல் வகுத்தால் 115. அதாவது தொப்பியின் அடிப்பாகம் என்ன ஆனாலும் 25 டிகிரியிலேயே இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பின்னிரண்டு மதகுகளும் அகலத் திறந்த வாய்க்கால்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். கடையில் வாங்க முடிகிற எந்த ஹீட்சிங்கும் அதைச் செய்யாது. டேட்டாஷீட் ஏமாற்றவில்லை, 25 டிகிரி என்று பக்கத்திலேயே சிறு எழுத்தில் போட்டிருக்கிறது. சுண்டுவிரல் அளவு எழுத்தைப் படிக்கத்தான் நமக்குப் பொறுமையில்லை.

இரண்டாவது சப்ளைக்கு ஹீட்சிங்க் தேடியபோது பெரிய தகடு வாங்கிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய தகட்டின் நீள அகலம் இரண்டையும் இரட்டித்து இருபதுக்கு முப்பது வைத்தால் பரப்பு நாலு மடங்கு. வெப்பத்தடை நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும் அல்லவா? குறையாது. ஏறக்குறையப் பாதியாகத்தான் குறையும். நடுவில் இருக்கும் டிரான்சிஸ்டரிலிருந்து வெப்பம் மூன்று மில்லிமீட்டர் உலோகத்தின் வழியே ஓரம்வரை போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுகிறது. மூலைகள் சும்மா குளிர்ந்து நிற்கும். அதோடு தகடு உயரமாக உயரமாக, கீழே சூடான காற்றே மேல்பாதியைத் தடவிக்கொண்டு போகிறது. சூடான காற்று அதிகம் எதையும் வாங்கிக்கொள்ளாது. வெப்பத்தடையைப் பாதியாக்க நாலு மடங்கு பரப்பு என்பது பட்டறைக் கணக்கு. துல்லியமானதல்ல, ஆனால் பணத்தை எங்கே வீணாக்குகிறோம் என்று காட்டிவிடும்.

தகட்டை மடித்து, சீப்புப் பற்கள் போல வரிசையாக நிறுத்தியதுதான் கடைகளில் தொங்கும் இறக்கை வைத்த ஹீட்சிங்க். கனமான அடிப்பகுதி வெப்பத்தைப் பரப்புகிறது, இறக்கைகள் காற்றுக்குக் கொடுக்கின்றன. இதிலும் பேராசை உதவாது. இறக்கைகளை நெருக்கி நெருக்கி வைத்தால் பரப்பு கூடும், ஆனால் நடுவே காற்று ஏற இடமிருக்காது. விசிறி இல்லாதபோது ஆறேழு மில்லிமீட்டராவது சந்து வேண்டும். இறக்கைகள் செங்குத்தாக நிற்க வேண்டும், அப்போதுதான் சூடான காற்று புகைபோக்கியில் போவதுபோல மேலே போகும். படுக்க வைத்த ஹீட்சிங்கைப் பல பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். அழகுக்காக வைத்தது என்று தெரியும், ஆனால் அழகு வாட்டைக் குறைப்பதில்லை. கறுப்பு நிறமும் வேடிக்கைக்கல்ல. பளபளக்கும் அலுமினியம் கதிர்வீச்சாக வெப்பத்தை விடுவதில் படு கஞ்சம், கறுத்த பூச்சு ஏற்றியது தாராளம். விசிறி வைத்தால் தடை மூன்றில் ஒன்றாகக்கூட இறங்கும். ஆனால் விசிறி நின்றுபோன நாளில் என்ன ஆகும் என்ற கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

கடைசியில் வாங்கியது வாட்டுக்கு 1.5 டிகிரி என்று குறிப்பிட்ட, அரைக்கிலோ எடையுள்ள கறுப்பு ஹீட்சிங்க். பெட்டிக்குள் வைக்காமல் பின்பக்கம் வெளியே நிறுத்தினேன். பேஸ்ட் தடவினேன். சென்னை மே மாதத்தின் 40 டிகிரிக் காற்றை வைத்து எழுதினால் கணக்கு ஒரே வரி:

Tj = 40 + 30 × (1.52 + 0.4 + 1.5) = 142.6

ஜங்ஷன் 143 டிகிரி. இருநூறுக்கு வெகு கீழே. ஏன் 199 வரை விடக் கூடாது என்று கேட்கலாம். சிலிக்கனும் அதன் கீழிருக்கும் உலோகமும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. தாமிரம் சிலிக்கனைவிட ஆறு மடங்கு விரியும், எஃகு நாலு மடங்கு. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் இரண்டையும் ஒட்டியிருக்கும் பற்றுவைப்பு இழுபடுகிறது. பல ஆயிரம் முறைக்குப் பிறகு அதில் விரிசல் விழும், முதல் மதகே குறுகும், 1.52 என்று நம்பிய எண் மெல்ல ஏறும். சூட்டின் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தால் இது தள்ளிப்போகும். அதனால் 150-ஐத் தாண்ட விடுவதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில், 115 வாட் டிரான்சிஸ்டரிடமிருந்து இந்த ஹீட்சிங்கில் நான் வாங்கக்கூடியது 32 வாட்தான்.

இன்னும் சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் என்ன வழி? இங்கேதான் கணக்கு எனக்குப் பாடம் சொன்னது. ஹீட்சிங்கை 0.75 ஆக்கினால், அதாவது ஏறக்குறைய நாலு மடங்கு பரப்புக்குப் பணம் கொடுத்தால், ஜங்ஷன் 22 டிகிரி இறங்கும். முதல் சப்ளையில் நான் சோம்பலால் விட்ட பேஸ்ட், தனியாகவே 24 டிகிரி இறக்கியிருக்கும். அது ஒரு துளி வெள்ளைப் பசை. இதைவிட ஆச்சரியம் இன்னொன்று. இருக்கிற ஹீட்சிங்கிலேயே பக்கத்தில் இன்னொரு 2N3055-ஐத் திருகி, வேலையை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? ஹீட்சிங்க் அதே முப்பது வாட்டைத்தான் பார்க்கிறது, அது 85 டிகிரியிலேயே நிற்கும். ஆனால் ஒவ்வொரு சில்லும் பதினைந்து வாட்டை மட்டும் தன் மதகுகள் வழியே தள்ள வேண்டும். முன்பு உள்ளே இருந்த 58 டிகிரி ஏற்றம் 29 ஆகிறது. ஜங்ஷன் 143-இலிருந்து 114-க்கு வந்துவிடுகிறது. பெரிய ஹீட்சிங்க் மூன்றாவது மதகை மட்டும் அகலமாக்குகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டர் முதல் இரண்டையும் இரட்டையாக்குகிறது. ஒரே நிபந்தனை, இருவரும் சமமாகச் சுமக்க வேண்டும். சூடான டிரான்சிஸ்டர் இன்னும் அதிக மின்சாரத்தை இழுக்கும் குணமுள்ளது. அதை அடக்க ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம் தடை ஒன்று போட்டேன்.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஜங்ஷனைத் தொட முடியாது. தொப்பியின் அடி விளிம்பில் தெர்மோகப்பிள் கம்பியை வைத்து அளந்து, அதோடு வாட்டை 1.52-ஆல் பெருக்கிக் கூட்டினால் போதும். ஜங்ஷன் வெப்பநிலை வந்துவிடும். தொப்பியையும் ஹீட்சிங்கையும் தனித்தனியாக அளந்து வித்தியாசம் பார்த்தால் நடு மதகின் கதை தெரியும். முப்பது வாட்டுக்குப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் பேஸ்ட் வேலை செய்கிறது. முப்பத்தைந்து இருந்தால் பேஸ்ட் இல்லை, அல்லது ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது ஓட்டையின் விளிம்பில் துளை போட்ட பிசிறு நின்று மைக்காவைத் தூக்குகிறது. பேஸ்ட்டை வெண்ணெய் மாதிரி அப்பினாலும் இதே கதைதான், அது காற்றைவிட நல்லது என்றாலும் உலோகம் அல்ல. துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் தொப்பியின் மேல் காட்டாதீர்கள். அது எதிரில் நிற்கும் உங்கள் முகத்தின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதைக் காட்டினால் ஓரளவு உண்மை சொல்லும். எதை அளந்தாலும் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு அளக்க வேண்டும். அரைக்கிலோ ஹீட்சிங்க் மூன்றில் இரண்டு பங்கு சூட்டை எட்டவே பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. யாராவது வெளிக் கம்பிகளை ஷார்ட் செய்துவிட்டால்? மின்சாரம் மூன்று ஆம்பியருக்கு மேல் போகாதபடி சுற்று தடுத்துவிடும். ஆனால் முழு 24 வோல்ட்டும் இப்போது டிரான்சிஸ்டர் மேல். 72 வாட். ஒற்றை டிரான்சிஸ்டர் இருந்தபோது இதைப் போட்டுப் பார்த்தேன், தாளில்தான். முதல் இரண்டு மதகுகளில் மட்டும் 138 டிகிரி. சுவிட்ச் போட்டவுடனே ஷார்ட் செய்தால் ஹீட்சிங்க் 40, ஜங்ஷன் 178, இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் தாக்குப்பிடிக்கும். ஒரு மணி நேரம் ஓடி ஹீட்சிங்க் 85-இல் இருக்கும்போது ஷார்ட் செய்தால் நொடியில் 223. சோதித்தபோது பிழைத்த சப்ளை, பயன்படுத்தும்போது சாவது இப்படித்தான்.

ஹீட்சிங்க் 95 டிகிரியைத் தொட்டால் சுற்றைத் துண்டிக்கும் தெர்மல் ஸ்விட்ச் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஒற்றை டிரான்சிஸ்டருக்கு அது வெறும் அலங்காரம். அது 95-ஐப் பார்க்கக் காத்திருக்கும்போதே ஜங்ஷன் 233-ஐ எட்டியிருக்கும். இரட்டை டிரான்சிஸ்டரில் 72 வாட்டுக்கும் உள் ஏற்றம் 69 டிகிரிதான். ஸ்விட்ச் துண்டிக்கும் கணத்தில் ஜங்ஷன் 164. என் 150 விதியைத் தாண்டியது, ஆனால் 200-க்குக் கீழே. இரண்டு 2N3055-க்கும் நடுவே, ஹீட்சிங்கின் கனமான அடிப்பகுதியில், பேஸ்ட் தடவி அந்த ஸ்விட்சைத் திருகினேன். இந்த முறை கை அழுக்கானது.